சொல்லாமல் நிறுத்துவது வைத்தியம் அல்ல

தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரை, கிளினிக் கொப்பி இருக்கிற வீடுகளில் ஒரு தீர்ப்பு எழுதி ஒட்டாத குறையாக இருக்கிறது. கொலஸ்ட்ரோல் குளிசை சதையைத் தின்னும் என்பதுதான் அது. குளிசை தொடங்கிச் சில வாரத்தில் தொடை உளையும், கெண்டைக்கால் நோகும், வலை இழுக்கக் கை ஏலாது. விட்டுப் பார்த்தால் ஒரு கிழமையில் உடம்பு லேசாகும். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். டொக்டரிடம் சொன்னால் ஏசுவார், ஆகவே சொல்லாமல் விட்டுவிடுவதே புத்தி என்பதும் அதே தீர்ப்பின் பின்பாதி.

முன்பாதியைப் பெரும்பாலும் பிழை என்பேன். பின்பாதி முழுவதும் பிழை, ஆபத்தும்கூட. குளிசை குற்றவாளியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொல்லாமல் நிறுத்துகிற நோயாளிதான் இரண்டு வழியிலும் தோற்கிறார்.

முதலில் அந்த நம்பிக்கைக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். அது வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. ஸ்டட்டின் என்று அழைக்கப்படும் இந்தக் குளிசை இனம் சதையைப் பாதிக்கக் கூடியது என்பதை எந்த வைத்தியரும் மறுக்க முடியாது. செரிவாஸ்டட்டின் என்ற குளிசையை பேயர் நிறுவனம் 2001 ஓகஸ்டில் சந்தையிலிருந்து மீளப் பெற்றது. சதை சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்து ஆட்கள் இறந்த பிறகுதான் அது நடந்தது. ஜெம்பைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களிடம் ஆபத்து மிக அதிகமாக இருந்தது. சிம்வாஸ்டட்டினை 80 மில்லிகிராம் அளவில் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இல் அறிவித்ததும் சதைப் பாதிப்பால்தான். இவ்வளவும் உண்மை. ஆனால் நம்முடைய கிளினிக்கில் கொடுக்கிற அட்டோர்வாஸ்டட்டின் 10, 20 மில்லிகிராம் குளிசைக்கு இந்த வரலாற்றை அப்படியே பொருத்த முடியாது. சதை உண்மையில் சேதமாகி இரத்தப் பரிசோதனையில் தெரியும் அளவுக்குப் போவது, 10,000 பேர் 5 ஆண்டுகள் குளிசை எடுத்தால் ஏறக்குறைய 5 பேருக்கு. நம் ஊரில் நோவென்று குளிசையை விட்டவர்களின் எண்ணிக்கையோடு இது எந்தக் கணக்கிலும் ஒத்துவராது.

அப்படியானால் மற்றவர்களுக்கு நோவே இல்லையா? இருந்தது. அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. கேள்வி, நோவைக் கொண்டுவந்தது குளிசைக்குள் இருந்த மருந்தா என்பதுதான்.

இதற்கு விடை தேட ஒரு வழி உண்டு. பாதிப் பேருக்கு மருந்துள்ள குளிசை, பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தே இல்லாத வெறும் குளிசை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது. இப்படி நடந்த 19 பெரிய ஆய்வுகளின் விவரங்களைச் சேர்த்து, ஏறக்குறைய 1,24,000 பேரின் முறைப்பாடுகளை 2022இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் எண்ணினார்கள். மருந்து எடுத்தவர்களில் 27.1 வீதமானோர் சதை நோவோ பலவீனமோ சொன்னார்கள். வெறும் குளிசை எடுத்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 26.6 வீதம். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர்கள் நூறு பேரைச் சில ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தால் இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் நோவு சொல்லத்தான் செய்வார்கள். மருந்தால் கூடிய பங்கு சிறியது. அதுவும் பெரும்பாலும் முதலாம் ஆண்டிலேயே தெரிந்தது. அந்த முதலாம் ஆண்டிலும் பதினைந்து முறைப்பாட்டில் ஒன்றைத்தான் குளிசையின் கணக்கில் எழுத முடிந்தது.

"விட்டேன், நோவு போனது, பிறகென்ன ஆய்வு?" என்று கேட்பவர்களுக்கு இது போதாது என்று தெரியும். அவர்களுக்காகவே செய்ததுபோல இன்னொரு ஆய்வு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர் வாதத்தின் உயிர்நாடியே இந்த 'விட்டேன், போனது'தான்.

லண்டனில் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 60 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். எல்லோரும் குளிசை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஒத்துக்கொள்ளவில்லையென்று விட்டவர்கள்; அதாவது நம்மவர்களின் கட்சிக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு போத்தல், மாதம் ஒன்று. நாலு போத்தலில் அட்டோர்வாஸ்டட்டின் 20 மில்லிகிராம், நாலில் வெறும் குளிசை, மற்ற நாலும் காலி. காலி மாதத்தில் குளிசை எடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மற்ற எட்டு மாதத்தில் எது மருந்து, எது வெறும் மா என்பது தெரியாது. தினமும் உபாதைக்கு நூற்றுக்கு இத்தனை என்று அவர்களே புள்ளி போட வேண்டும். காலி மாதங்களில் சராசரிப் புள்ளி 8. மருந்து எடுத்த மாதங்களில் 16.3. நம்மவர்கள் சொன்னது சரிதானே, குளிசை எடுத்தால் உபாதை இரட்டிக்கிறது! ஆனால் வெறும் குளிசை எடுத்த மாதங்களில் 15.4. குளிசை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பே அந்தக் கூடுதல் உபாதையில் பத்தில் ஒன்பது பங்கைக் கொண்டுவந்திருந்தது. நிறுத்தியபோது கிடைத்த நிம்மதியையும் பார்த்தார்கள். வெறும் குளிசையை நிறுத்தியவர்களுக்கும் மருந்தை நிறுத்தியவர்களுக்குக் கிடைத்த அதே அளவு சுகம் கிடைத்தது. விட்டதும் நோவு போவது குளிசைக்கு எதிரான சாட்சி ஆகாது என்பது இதில் நிரூபணமாயிற்று. தங்கள் சொந்தப் புள்ளிகளைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த 60 பேரில் பாதிப் பேர் குளிசையைத் திரும்பத் தொடங்கினார்கள். 2020இல் வெளிவந்த முடிவு இது.

"அது வெள்ளைக்காரரின் உடம்பு, எங்கள் உடம்பு வேறு" என்ற மறுப்பு எழும். எழ வேண்டும், அதில் ஓரளவு சரக்கு இருக்கிறது. ரொசுவாஸ்டட்டின் என்ற குளிசை ஆசியரின் இரத்தத்தில் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரட்டிப்பு அளவில் நிற்கிறது. அதனால்தான் ஆசியருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லி மருந்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. கிளினிக்கில் 20 ரொசுவாஸ்டட்டினோடு தொடங்கினால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உடம்பு வேறு என்பதற்கு மறுபக்கமும் உண்டு. இலங்கையும் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்த பெரிய ஆய்வொன்றில், தெற்காசியருக்கு முதலாவது மாரடைப்பு வருகிற சராசரி வயது 53. உலகின் மற்றப் பகுதியினருக்கு 59. குறைந்த அளவில் தொடங்குவதற்கு நம் உடம்பு ஒரு காரணம் என்றால், குளிசையை எறிந்துவிடாமல் இருப்பதற்கும் அதே உடம்புதான் காரணம்.

இனி எங்கள் கரைக்கு வருவோம். பேசாலையில் 54 வயது மீனவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்ததில்லை, சீனி வருத்தம் இருக்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 160. அட்டோர்வாஸ்டட்டின் 20 கொடுக்கிறார்கள். மூன்றாம் கிழமை இரண்டு தொடையும் உளைகிறது. அதே கிழமைதான் காற்று விழுந்து, பல நாள் வாடியில் இருந்தவர் தொழிலுக்கு இறங்கி வலை இழுத்திருக்கிறார் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தீர்ப்பு ஆயத்தமாக இருக்கிறது. குளிசை அலுமாரிக்குள் போகிறது. மாதாமாதம் மனைவி கிளினிக்குக்குப் போய்க் குளிசையை எடுத்து வருகிறார், அலுமாரி நிறைகிறது.

மூன்று மாதத்தில் இரத்தம் பார்க்கிறார்கள். எல்.டி.எல். 158. டொக்டருக்கு என்ன தெரியும்? 20 மில்லிகிராம் கொடுத்தேன், இறங்கவில்லை, 40 ஆக்குகிறேன் என்று எழுதுகிறார். அதற்குள் கொழும்பிலிருந்து மகள் வந்து அப்பாவின் அலுமாரியைக் கண்டு, தினமும் தன் கையால் குளிசை கொடுக்கத் தொடங்குகிறார். ஒரு நாளும் 20ஐக்கூட ஒழுங்காக எடுக்காத உடம்புக்குள் ஒரேயடியாக 40 போகிறது. இருமலுக்கு பார்மசியில் கிளாரித்ரோமைசின் வேறு வாங்கிக் குடிக்கிறார். அந்த அன்டிபயோட்டிக் ஈரலில் அட்டோர்வாஸ்டட்டின் கழிவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றக்கூடியது. இப்போதுதான் உண்மையான சதைச் சேதத்துக்கு வழி திறக்கிறது. சொல்லாமல் விட்டதன் விலை இதுதான்: இல்லாத பக்கவிளைவுக்குப் பயந்தவர் இருக்கிற பக்கவிளைவுக்குள் போய் விழுகிறார்.

இதில் டொக்டரையும் நான் விடப்போவதில்லை. அட்டோர்வாஸ்டட்டின் 20 ஒழுங்காக விழுங்கினால் எல்.டி.எல். ஏறக்குறைய 40 வீதம் குறையும். 160 என்பது 95க்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். 158இல் நிற்கிறது என்றால் குளிசை வேலை செய்யவில்லை என்பதைவிட வாய்க்குள் போகவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். அளவை இரட்டிப்பதால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 வீதம் மட்டுமே. மருந்தியல் படித்த எவருக்கும் தெரிந்த கணக்கு இது. அந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஐயா, குளிசை எடுக்கிறீர்களா, இடையில் ஏதும் கரைச்சல் இருந்ததா?" ஏசாமல் கேட்க வேண்டும். கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கிறது, ஒருவருக்குச் சில நிமிடம்தான் என்பதை நானும் அறிவேன். ஆனால் "வயது போனால் நோகும்தான்" என்று ஒருமுறை சொல்லி அனுப்பிய நோயாளி அடுத்தமுறை வாயைத் திறக்கமாட்டார். ஊரின் தீர்ப்பு வலுத்ததற்கு அந்த வாக்கியத்துக்கும் பங்குண்டு. லண்டன் ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு "உமக்கு மனப்பிரமை" என்று சொல்வதும் அதே பிழையின் மறுபக்கம். பதினைந்தில் ஒன்று குளிசையால் வருகிறதென்றால், எதிரே இருப்பவர் அந்த ஒருவரா என்று பார்ப்பதுதான் வைத்தியம்.

எப்படிப் பார்ப்பது? அதே மனிதர் மூன்றாம் கிழமையே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். நோவு எங்கே என்று கேட்டிருப்பார்கள். குளிசையால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய சதைகளில் வரும். தொடங்கி அல்லது அளவு கூட்டிச் சில வாரங்களுக்குள் வரும். ஒரு முழங்கால் மட்டும் வீங்கி நோவது, ஒரு பக்கத் தோள் மட்டும், உள்ளங்கால் எரிவு, விரல் விறைப்பு ஆகியவற்றுக்கு வேறு காரணம் தேட வேண்டும். பிறகு இரத்தத்தில் சி.பி.கே. என்ற பரிசோதனை. சதை சேதமானால் அதிலிருந்து கசிகிற பொருளின் அளவு அது. சாதாரண உச்சம் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறினாலும் ஏறக்குறைய 200. இங்கே மீனவருக்கு ஒரு சிக்கல் உண்டு. வலை இழுத்த மறுநாள் இரத்தம் கொடுத்தால் குளிசையே எடுக்காதவருக்கும் அது ஏறித்தான் இருக்கும். ஆகவே இரண்டு மூன்று நாள் பாரவேலை இல்லாமல் இருந்து கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் தொழிலுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். சாதாரண உச்சத்தின் நாலு மடங்கைத் தாண்டினால் குளிசையை நிறுத்திக் கவனிப்பார்கள். பத்து மடங்கென்றால் அது அவசரம்.

தைரொயிட்டையும் பார்ப்பார்கள், பார்க்க வேண்டும். தைரொயிட் சுரப்பு குறைந்தவருக்குக் கொலஸ்ட்ரோலும் ஏறும், சதையும் நோகும். அவருக்குக் குளிசை கொடுத்தால் நோவு கூடவும் செய்யும். குறிப்பாகப் பெண்களிடம் இதைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். மூலநோயைச் சரிசெய்தால் சில வேளை கொலஸ்ட்ரோல் குளிசையே தேவைப்படாமல் போகலாம்.

நம் பேசாலைக்காரருக்கு சி.பி.கே. 420, தைரொயிட் சரி என்று வைத்துக்கொள்வோம். சேதம் இல்லை, ஆனால் நோவு தாங்கவில்லை. டொக்டரே குளிசையை இரண்டு தொடக்கம் நாலு கிழமை நிறுத்தச் சொல்வார். திகதி கொப்பியில் ஏறும். நோவு அப்படியே நின்றால் குளிசை நிரபராதி, திரும்பத் தொடங்கலாம். போய்விட்டால், 10 மில்லிகிராமில் தொடங்கிப் பார்ப்பார்கள். முன்பு சொன்ன 6 வீதக் கணக்கு இங்கே நோயாளியின் பக்கம் வேலை செய்கிறது: அளவைப் பாதியாக்கினாலும் பலனில் இழப்பது அந்தச் சிறு பங்குதான். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ரொசுவாஸ்டட்டின் 5, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது எசெட்டிமைப் என்ற வேறு வகைக் குளிசை. இத்தனை கதவும் திறப்பது சொன்னவருக்குத்தான். அலுமாரிக்குள் குளிசையை வைத்தவருக்கு எடுப்பது, விடுவது என்ற இரண்டைத் தவிர வேறு வழியே தெரியாது.

நோவு லேசாக இருந்து வேலைக்குத் தடையில்லை என்றால் குளிசையை எடுத்துக்கொண்டே அடுத்த கிளினிக்கில் சொல்லலாம். நோவு கூடிக்கொண்டு போகிறது, நித்திரை கெடுகிறது, தொழிலுக்குப் போக ஏலவில்லை என்றால் கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அந்தக் கிழமையே போக வேண்டும். மாரடைப்பு வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சொல்வதற்கு முன் தாங்களாக நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு இந்தக் குளிசை மற்றவர்களைவிடப் பல மடங்கு அவசியம்.

நோவைவிடப் பலவீனத்துக்குத்தான் பயப்பட வேண்டும். குந்தியிருந்து எழும்பக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது, வள்ளத்தின் விளிம்பைத் தாண்டக் கால் தூக்க முடியவில்லை, தலை சீவக் கை ஏறவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. சலம் பிளேன்டீ நிறத்தில் போகத் தொடங்கினால் அன்றைய குளிசையை எடுக்காமல் அதே நாளில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தலைமன்னாரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். காலைப் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்கலாம். சிதைந்த சதை சிறுநீரகத்தை அடைக்கிறபோது தேவைப்படுவது சேலைனும் இரத்தப் பரிசோதனையும். வீட்டிலிருந்து இளநீர் குடித்துச் சமாளிக்கிற விஷயமல்ல.

இங்கே நம் மாவட்டத்துக்கென்று ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். கட்டுக்கரைக் குளத்தின் கீழ், முருங்கன், உயிலங்குளம் பக்கம் வயலுக்குள் இறங்குகிறவர்களுக்குக் கெண்டைக்கால் நோவும் சலத்தின் நிறமாற்றமும் காய்ச்சலோடு சேர்ந்து வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்கள் போனதை மறக்கவில்லை. எல்லா நோவையும் கொலஸ்ட்ரோல் குளிசையின் தலையில் கட்டுகிற பழக்கம் இந்த நோயைத்தான் முதலில் மறைக்கும். "குளிசையால்தான்" என்று குளிசையை விட்டுவிட்டு நாலு நாள் காத்திருப்பவர் அந்த நாலு நாளைத் திரும்பப் பெற முடியாது.

ஊர்த் தீர்ப்புக்கு எதிரான என் கடைசி வாதம் மிக அரிதான ஒன்றைப் பற்றியது, ஆனால் அதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியாது. இலட்சத்தில் சிலருக்கு இந்தக் குளிசை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தன் சொந்தச் சதைக்கு எதிராகவே திருப்பிவிடும். அவர்களுக்குக் குளிசையை நிறுத்தினாலும் பலவீனம் நிற்காது. மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து கொடுத்தே நிறுத்த வேண்டும். குளிசை உண்மையிலேயே சதையைத் தின்கிற நோயாளி இவர்தான், ஊர்த் தீர்ப்பு முற்றிலும் சரியாகிப் போகிற ஒரே ஆள். அந்தத் தீர்ப்பு சொல்லித் தந்த வைத்தியமோ, சொல்லாமல் விட்டுவிடு என்பது. அவரைத்தான் அது முழுதாகக் கைவிடுகிறது.

ஆகவே குளிசையை விட்டவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிளினிக் திகதிக்கு அலுமாரியில் மிஞ்சிய குளிசைகளையும் பார்மசியில் வாங்கிய மற்ற மருந்துகளையும் கொப்பியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். குளிசை தொடங்கிய நாள், நோவு தொடங்கிய நாள், நோவு வந்த இடம், விட்ட நாள், இவற்றை ஒரு துண்டில் எழுதி மேசையில் வையுங்கள். டொக்டர் அளவைக் கூட்டி எழுதத் தொடங்கும் முன்னரே, எத்தனை நாளாகக் குளிசை எடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்.